மூணு நிமிஷ கஸ்டமர் பேச்சு: கிறுக்கி வச்ச நோட்ஸ்லேர்ந்து மேடை வரைக்கும்

நீங்க யூஸ் பண்ற ஒரு ப்ராடக்டோட கம்பெனிக்காரங்க ஈவென்ட் வைக்கிறாங்க, "வந்து ஒரு மூணு நிமிஷம் உங்க அனுபவத்தை பேசுங்க"ன்னு கூப்பிடுறாங்க. சரின்னு தலையாட்டியாச்சு, கையில இருக்கறது ஃபோன்ல கிறுக்கி வச்ச பத்து வரி. அந்த பத்து வரிய எப்படி பேச்சா மாத்துறதுங்கறதத்தான் இங்க எழுதப்போறேன். நானும் ரெண்டு தடவ இப்படி பேசிருக்கேன், அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க சிலருக்கு கூட உக்காந்து தயார் பண்ணிக் குடுத்திருக்கேன். அதுல ஒரு அக்காவோட பேச்சு எப்படி உருவாச்சுன்னு ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் காட்டுறேன், பொதுவா டிப்ஸ் சொல்றதவிட அது பிரயோஜனமா இருக்கும்.

அந்த அக்கா ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் குடோன் இன்சார்ஜ். பேரிங், பெல்ட், சீல், போல்ட்டுன்னு சுமார் 2,300 அயிட்டம், வேலைக்கு அவங்களையும் சேத்து நாலு பேர். பார்கோட் ஸ்டிக்கர் ஒட்டி ஸ்கேனர்ல ஸ்டாக் பாக்குற ஒரு சாஃப்ட்வேர 14 மாசமா யூஸ் பண்றாங்க. அவங்க அனுப்புன நோட்ஸ் இதுதான், எழுதுனபடியே தர்றேன்:

- ஸ்டாக் எடுக்க முன்னாடி 2 நாள் இப்ப அரை நாள்
- சப்போர்ட் டீம் நல்லா பேசுவாங்க
- ரிப்போர்ட் எல்லாம் சூப்பர்
- பேரிங் மேட்டர்
- முதல் மாசம் ஸ்டிக்கர் ஒட்டியே செத்தோம்
- பெரியவர் மாட்டேன்னாரு, இப்ப அவர்தான் எல்லாருக்கும் சொல்லித்தர்றாரு
- பின் மூலை நெட் பிரச்சனை (சொல்லலாமா??)
- டென்ஷன் இல்ல
- டீமுக்கு நன்றி
- எல்லாரும் வாங்கணும்

இதுல பேச்சுக்கு வேண்டியது எல்லாமே இருக்கு, வேண்டாததும் பாதி இருக்கு.

முதல் வேலை: யார் கேக்கப்போறாங்கன்னு விசாரிக்கிறது

கூப்பிட்டவங்ககிட்ட மூணு விஷயம் கேளுங்க. ஹால்ல உக்காரப்போறது யாரு, ஏற்கனவே வாங்கினவங்களா இல்ல வாங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்களா. எனக்கு முன்னாடியும் பின்னாடியும் யார் பேசுறாங்க. என் நேரம் உண்மையில எவ்வளவு, அதுல அறிமுகமும் சேத்தியா. அக்கா கேட்டதுல தெரிஞ்சது என்னன்னா, முக்கால்வாசி பேர் இன்னும் ரிஜிஸ்டர்லயோ எக்செல்லயோ ஸ்டாக் வச்சிருக்கற குடோன்காரங்க, அக்காவுக்கு முன்னாடி கம்பெனிக்காரரே 20 நிமிஷம் டெமோ காட்டப்போறாரு.

இது தெரிஞ்சதும் ஒரு முடிவு எடுக்க முடிஞ்சுது. டெமோல ரிப்போர்ட், பட்டன், ஸ்கிரீன் எல்லாம் காட்டிடுவாங்க, அதனால அக்கா ஃபீச்சரே பேச வேண்டாம். "ரிப்போர்ட் எல்லாம் சூப்பர்" வரிய அப்பவே அடிச்சாச்சு. நிறைய கஸ்டமர் பேச்சு சொதப்புறது இந்த எடத்துலதான், அஞ்சு நிமிஷம் முன்னாடி ஸ்கிரீன்ல பாத்த அதே லிஸ்ட்ட இன்னொருத்தர் மறுபடி ஒப்பிக்கிறாரு, கேக்கறவங்க ஃபோன எடுத்துடுறாங்க. கம்பெனிக்காரர் சொல்ல முடியாதது ஒண்ணுதான், இத வாங்கின எடத்துல நெஜமா என்ன நடந்துச்சுங்கறது. கஸ்டமர் மேடைக்கு வர்றதே அதுக்காகத்தான்.

நோட்ஸ சலிக்கிறது

ஒவ்வொரு வரிக்கும் நான் ஒரே ஒரு டெஸ்ட்தான் வைப்பேன். ப்ராடக்ட் பேரை எடுத்துட்டு வேற ஏதாவது ஒரு ப்ராடக்ட் பேரைப் போடுங்க, வரி அப்பவும் பொருந்துதா? "சப்போர்ட் நல்லா பேசுவாங்க", "டென்ஷன் இல்ல", "எல்லாரும் வாங்கணும்" இது மூணும் வாஷிங் மெஷினுக்கும் பொருந்தும், இன்சூரன்ஸுக்கும் பொருந்தும். அப்ப அது இன்னும் விஷயமாகல. தூக்கிப் போடவேண்டியதில்ல, "எப்ப? யாருக்கு? என்ன ஆச்சு?"ன்னு தோண்டிப் பாக்கணும்.

"சப்போர்ட் நல்லா பேசுவாங்கன்னா என்னக்கா, ஏதாவது ஒரு தடவ சொல்லுங்களேன்"னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சாங்க. "பொதுவா நல்லா பேசுவாங்க தம்பி"ன்னாங்க. தனியா ஒரு சம்பவம் வரல. அப்ப அந்த வரி போகட்டும்னு விட்டோம், இல்லாத சம்பவத்தை யோசிச்சு உருவாக்கறது கூடாது.

ஆனா "பேரிங் மேட்டர்"னு ரெண்டே வார்த்தை எழுதிருந்தாங்களே, அதக் கேட்டதும் அவங்க குரலே மாறிடுச்சு. நோட்ஸ்ல எது ரொம்ப சுருக்கமா இருக்கோ அதுலதான் கதை இருக்கும், ஏன்னா அது அவங்களுக்கு விளக்கம் எழுதி வைக்கத் தேவையில்லாத அளவுக்கு மனசுல இருக்கு. அத வாயால சொல்லச் சொல்லி ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டேன். நீங்க தனியா தயார் பண்றீங்கன்னா கூட வேலை பாக்கற ஒருத்தர்கிட்ட சொல்லி ரெக்கார்ட் பண்ணுங்க. எழுத உக்காந்தா நம்ம கை தானா "மேற்கண்ட சூழ்நிலையில்"னு போயிடும், வாயால சொல்றப்ப நம்ம நெஜமான பேச்சு வரும்.

விஷயம் இதுதான். சாஃப்ட்வேர் வர்றதுக்கு முன்னாடி ஒருநாள் சாயங்காலம் ஒரு மெக்கானிக் 6205 பேரிங் கேட்டு வந்திருக்காரு, ரெண்டு பக்கமும் தகடு மூடி இருக்கற வகை. ரிஜிஸ்டர்ல 6205 ZZ பக்கத்துல நாலு இருக்கு. ரேக்ல ஒண்ணு கூட இல்ல. நாலு பேரும் ஒன்றரை மணி நேரம் தேடியும் கிடைக்கல, அவரு வெறுங்கையோட போயிட்டாரு, அவரோட மெஷின் அன்னிக்கு ராத்திரி முழுக்க நின்னுடுச்சு. பதினோரு நாள் கழிச்சு அந்த நாலும் பின்பக்கம் வேற ரேக்ல கெடச்சுது. ஏன்னா ஒரு கம்பெனி டப்பால ZZ-னு போடுவாங்க, இன்னொரு கம்பெனி அதே வகைக்கு 2Z-னு போடுவாங்க. ரிஜிஸ்டர் எழுதுனவருக்கு ரெண்டும் ஒண்ணுன்னு தெரியும், அதனால ZZ பக்கத்துல ஏத்திட்டாரு. அடுக்குனவரு டப்பால 2Z-னு பாத்து 2Z ரேக்ல வச்சிட்டாரு. ரிஜிஸ்டர்ல 2Z பக்கம் சைபர்னு இருந்ததால அந்த ரேக்க யாருமே எட்டிப் பாக்கல.

இப்படி ஒரு காரணம் தெளிவா தெரியற சம்பவம் கிடச்சா விடவே விடாதீங்க. ஹால்ல இருக்கற ஒவ்வொரு குடோன்காரருக்கும் சொந்தமா ஒரு ZZ-2Z கதை இருக்கும், கேட்டவுடனே அது ஞாபகம் வந்துடும்.

நம்பரை நோண்டிப் பாக்கறது

இதுக்கு நீங்க அதிக நேரம் குடுக்கணும், முழு பேச்சும் நிக்கிறது இதுமேலதான். "முன்னாடி 2 நாள், இப்ப அரை நாள்" கேக்க நல்லா இருக்கு, மார்க்கெட்டிங் ஆளுங்க பாத்தா உடனே "75% நேரம் மிச்சம்"னு பேனர் அடிச்சிடுவாங்க. அதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேக்கணும்.

ஒண்ணு, இந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு. அக்கா "ஞாபகத்துலதான் சொல்றேன்"னாங்க. ஞாபகம் சில சமயம் பழச மோசமாவும் புதுச நல்லதாவும் காட்டிடும், இது யார் மேலயும் தப்பில்ல. அதனால எழுத்துல எங்கயாவது இருக்கான்னு தேடினோம். மாசக் கடைசியில ஸ்டாக் எடுக்குறப்ப ஓவர்டைம் எழுதுவாங்க, அந்த ரிஜிஸ்டர் இருந்துச்சு. சாஃப்ட்வேர் வர்றதுக்கு முந்தின ஆறு மாசத்துல நாலு மாசம் ரெண்டு நாள், ரெண்டு மாசம் ஒன்றரை நாள், எல்லாத்துலயும் நாலு பேர். சரி, "பெரும்பாலும் ரெண்டு நாள்"னு தாராளமா சொல்லலாம்.

ரெண்டு, முன்னாடி அளந்ததும் இப்ப அளக்கறதும் ஒரே வேலைதானா. இங்கதான் மாட்டிச்சு. "அரை நாள்ல எத்தன ரேக்கு எண்றீங்கக்கா"ன்னு கேட்டேன். "இப்பல்லாம் மாசத்துக்கு மூணுல ஒரு பங்குதான் எண்றோம் தம்பி, மூணு மாசத்துல ஒரு ரவுண்டு முடிஞ்சிரும், ரெண்டு பேரே போதும்"னாங்க. அப்போ முன்னாடி ரெண்டு நாள்ங்கறது மொத்த குடோனும் எண்ணுனது, இப்ப அரை நாள்ங்கறது மூணுல ஒரு பங்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஹால்ல யாராவது ஒருத்தர் கண்டுபிடிச்சிடுவாரு, அவரு கை தூக்கிக் கேக்கலைன்னாலும் மனசுக்குள்ள மொத்த பேச்சையும் தள்ளிடுவாரு.

சரியான ஒப்பீடு வேணும்னா சாஃப்ட்வேர் வந்தப்புறம் மொத்த குடோனையும் எண்ணுன நாள் வேணும். வருஷக் கடைசியில ஒருதடவ எண்ணிருக்காங்க, அதே நாலு பேர், காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடிச்சிருக்காங்க. ஒரு நாள். அப்ப நேர்மையான நம்பர் ரெண்டு நாள் ஒரு நாளாச்சுங்கறது. அக்காவுக்கு முகம் கொஞ்சம் வாடிப்போச்சு, "இது கம்மியா தெரியுமே தம்பி"ன்னாங்க. எனக்கு அப்படித் தோணல, இப்பவும் தோணல. பாதியா குறஞ்சுதுங்கறத குடோன் நடத்தறவங்க நம்புவாங்க, அதோட பங்கு பங்கா எண்ணுறதப் பத்தி தனியா ஒரு வரி சொன்னா அது அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போற விஷயமாவும் ஆகும்.

மூணு, நடுவுல வேற என்ன மாறிச்சு. ஆள் கூடினாங்களா, அயிட்டம் குறஞ்சுதா, எடம் மாறிச்சா. அக்கா கேஸ்ல ஆள் அதே நாலு பேர். ஆனா ஸ்டிக்கர் ஒட்டறப்ப ஒவ்வொரு பொருளையும் கையில எடுத்துப் பாக்க வேண்டியிருந்துது, அப்பதான் ஒரே பொருள் ரெண்டு பேர்ல இருக்கறது வரிசையா வெளிய வந்திருக்கு. அத சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கல, அக்காவும் அங்க ரொம்ப வருஷமா வேலை பாக்கற பெரியவரும் கண்டுபிடிச்சாங்க. சாஃப்ட்வேர் செஞ்சது என்னன்னா அதுக்கப்புறம் அது திரும்ப நடக்காம பாத்துக்கறது: உள்ள வர்ற ஒவ்வொரு டப்பாவையும் ஸ்கேன் பண்ணி எந்த ரேக்னு காட்டுனாத்தான் ஸ்டாக்ல ஏறும். இந்தப் பிரிவினைய பேச்சுல அப்படியே வைக்கணும்னு நான் பிடிவாதமா நின்னேன். எல்லாப் பெருமையையும் ப்ராடக்டுக்கே குடுத்தா, கேட்டு வாங்குறவரு ஸ்டிக்கர் ஒட்டற வேலைய கணக்குலயே எடுக்காம மூணாவது வாரமே கைவிட்டுடுவாரு.

குறைய சொல்லலாமா

நோட்ஸ்ல "சொல்லலாமா??"னு ரெண்டு கேள்விக்குறி போட்டிருந்தாங்க. சொல்லலாம், சொல்லணும், ஆனா மூணு விஷயம் பாத்துக்கணும். மொதல்ல, அது இன்னும் இருக்கான்னு செக் பண்ணுங்க, புது வெர்ஷன்ல சரி பண்ணிருந்தாங்கன்னா நீங்க பழைய குறைய மேடையில சொல்லி அவங்களுக்கு அநியாயம் பண்ணிடுவீங்க. ரெண்டாவது, ஈவென்டுக்கு முன்னாடியே கம்பெனிக்காரங்ககிட்ட "இத சொல்லப்போறேன்"னு சொல்லிடுங்க, மேடையில வச்சு அதிர்ச்சி குடுக்கக்கூடாது. மூணாவது, குறையோட எல்லையும் அத நீங்க எப்படி சமாளிக்கிறீங்கங்கறதும் சேந்தே வரணும்.

"நெட் பிரச்சனை இருக்கு"ன்னு மொட்டையா சொன்னா கேக்கறவரு மொத்தமா பயந்துடுவாரு. "பின் மூலையில ரெண்டு ரேக்குக்கு சிக்னல் வராது, அங்க ஸ்கேன் ஏறாது, பேப்பர்ல எழுதிட்டு வந்து ஏத்துறோம்"னு சொன்னா அவரு தன் குடோன நெனச்சுப் பாத்து தனக்கு இது பிரச்சனையா இல்லையான்னு தானே முடிவு பண்ணிக்குவாரு. இது ஒண்ண சொல்றதால மத்த எல்லா வரியோட மதிப்பும் ஏறும்.

கம்பெனிக்காரங்க செலவுல போறீங்கன்னாலோ, பேசுறதுக்காக தள்ளுபடி ஏதாவது குடுத்தாங்கன்னாலோ அதையும் அரை வரியில சொல்லிடுங்க. அதுபோல உங்க சொந்த முதலாளிகிட்ட எந்த நம்பரை வெளிய சொல்லலாம்னு கேட்டுக்கோங்க, அயிட்டம் எண்ணிக்கை, ஸ்டாக் மதிப்பு இதெல்லாம் சில எடத்துல வெளிய போகக்கூடாது. அந்த மெக்கானிக் பேரு, அவரு கம்பெனி பேரு பேச்சுல வரவே கூடாது, அவரு அனுமதி குடுத்தாலொழிய.

அடுக்குறது

வரிசை ரொம்ப சிம்பிள். சம்பவத்துலேர்ந்து ஆரம்பம், அப்புறம் நான் யாரு, அப்புறம் என்ன செஞ்சோம் எவ்வளவு கஷ்டப்பட்டோம், அப்புறம் என்ன மாறிச்சு, குறை, முடிவு. "இந்த இனிய மாலைப் பொழுதில்"னு ஆரம்பிச்சு மேடையில இருக்கற ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லிட்டிருந்தா மூணு நிமிஷத்துல ஒரு நிமிஷம் அங்கயே போயிடும். ஒரு வணக்கம் போதும்.

நீளத்துக்கு நான் வச்சிருக்கற கணக்கு நிமிஷத்துக்கு 90லேர்ந்து 100 தமிழ் வார்த்தை. இங்கிலீஷ் பேச்சுக்கு சொல்ற கணக்க இங்க எடுத்தா ஓடிடும், நம்ம வார்த்தை ஒவ்வொண்ணும் நீளம். மூணு நிமிஷம்னா 270 வார்த்தைக்குள்ள எழுதுங்க, மூச்சு விட, தடுமாற, ஜனங்க சிரிச்சா நிக்க கொஞ்சம் எடம் வேணும். நாங்க எழுதுனது அதவிட கொறச்சலாவே நின்னுச்சு, அக்கா நிறுத்தி நிதானமா பேசுறவங்க, அதனால அது அவங்களுக்கு சரியா இருந்துச்சு.

கடைசியா வந்த பேச்சு இது:

"எல்லாருக்கும் வணக்கம். ஒருநாள் சாயங்காலம் ஒரு மெக்கானிக் எங்க குடோனுக்கு வந்து 6205 பேரிங் ஒண்ணு கேட்டாரு. ரிஜிஸ்டர்ல நாலு இருக்கு. ரேக்ல ஒண்ணு கூட இல்ல. நாலு பேர் ஒன்றரை மணி நேரம் தேடினோம். அவரு வெறுங்கையோட போனாரு, அவரு மெஷின் அன்னிக்கு ராத்திரி பூரா நின்னுச்சு. பதினோரு நாள் கழிச்சு அந்த நாலும் வேற ரேக்ல கெடச்சுது. டப்பால 2Z-னு இருந்துச்சு, நாங்க ZZ-னு எழுதி வச்சிருந்தோம்.

நான் அந்த குடோனோட இன்சார்ஜ். 2,300 அயிட்டம், நாலு பேர். இந்த சாஃப்ட்வேரை 14 மாசமா யூஸ் பண்றோம். இங்க பேச நான் காசு வாங்கல, வர போக டிக்கெட் மட்டும் இவங்க போட்டாங்க.

முதல் மாசம் ரொம்ப கஷ்டம். ஒவ்வொரு பொருளையும் கையில எடுத்து ஸ்டிக்கர் ஒட்டணும். எங்ககிட்ட ரொம்ப வருஷமா இருக்கற பெரியவர், 'எனக்கு கண்ண மூடிட்டு எடுக்கத் தெரியும், இது எதுக்கும்மா'ன்னாரு. ஸ்டிக்கர் ஒட்டறப்ப அந்த ZZ, 2Z மாதிரி ஒரே பொருள் ரெண்டு பேர்ல நிறைய கெடச்சுது. அதுல முக்கால்வாசி கண்டுபிடிச்சது அவருதான். அது மெஷின் செஞ்சதில்ல, அவரு செஞ்சது. மெஷின் என்ன செய்யுதுன்னா, இனிமே எந்த டப்பாவும் ஸ்கேன் பண்ணி ரேக் நம்பர் குடுக்காம ஸ்டாக்ல ஏறாது.

முன்னாடி மொத்த குடோனும் எண்ண நாலு பேருக்கு பெரும்பாலும் ரெண்டு நாள். போன வருஷக் கடைசியில அதே நாலு பேர் ஒரு நாள்ல முடிச்சோம். மாசா மாசம் இப்ப மூணுல ஒரு பங்குதான் எண்றோம், ரெண்டு பேருக்கு அரை நாள்.

ஒரு குறை இருக்கு. பின் மூலையில ரெண்டு ரேக்குக்கு சிக்னல் வராது. அங்க இன்னும் பேப்பர்ல எழுதிட்டு வந்துதான் ஏத்துறோம். இவங்ககிட்ட சொல்லிருக்கேன்.

போன வாரம் புதுசா ஒரு பையன் வேலைக்கு சேந்தான். ஸ்கேனர் பிடிக்கத் தெரியல. அவனுக்கு சொல்லிக் குடுத்தது அந்தப் பெரியவர். நன்றி."

பெரியவர் வரிய கடைசியில வச்சது ஏன்னு கேப்பீங்க. "எல்லாரும் வாங்கணும்"னு முடிக்கிறது கம்பெனிக்காரர் வேலை, கஸ்டமர் வாயிலேர்ந்து அது வந்தா எழுதிக் குடுத்து பேச வச்ச மாதிரி ஆயிடும். மாட்டேன்னவரே இப்ப சொல்லித்தர்றாருங்கறது அதே விஷயத்த சம்பவமா சொல்லுது. ஆனா பெரியவர்கிட்ட "உங்களப் பத்தி பேசப்போறேன்"னு முன்னாடியே கேட்டுக்கிட்டோம், அவரு பேர சொல்ல வேண்டாம்னாரு, அதனால பேச்சுல பேர் இல்ல.

திருத்தம் வந்தா

பேச்ச முன்னாடியே அனுப்பச் சொல்லி கேப்பாங்க, அனுப்பலாம். திரும்ப வர்றப்ப நடுவுல "எங்கள் செயல்பாட்டையே மாற்றியமைத்த புரட்சிகரமான தீர்வு"ன்னு ஒரு வரி முளச்சிருக்கும், அக்காவுக்கும் முளச்சுது. அதோட "விரைவில் வரவிருக்கும் வசதிகளுக்காக காத்திருக்கிறோம்"னு ஒண்ணு. சண்ட போட வேண்டாம். தகவல் தப்பா இருந்தா திருத்திக்கிறேன், வார்த்தை என் வார்த்தையா இருக்கட்டும்னு ஒரே வரியில பதில் போடுங்க. இன்னும் வெளிவராத வசதியப் பத்தி நீங்க பேசவே பேசாதீங்க, யூஸ் பண்ணாத ஒண்ணுக்கு நீங்க சாட்சி சொல்ல முடியாது. குறைய மொத்தமா எடுக்கச் சொன்னாங்கன்னா, "அது இல்லாம மத்தத யாரும் நம்ப மாட்டாங்க"ன்னு எடுத்துச் சொல்லுங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. அப்பவும் முடியாதுன்னா பேசறதா வேண்டாமாங்கறத நீங்க முடிவு பண்ணுங்க. நானா இருந்தா பேச மாட்டேன்.

ஒத்திகை

மனப்பாடம் பண்ணாதீங்க. முதல் ரெண்டு வரியும் கடைசி ரெண்டு வரியும் மட்டும் மனசுல நிக்கட்டும், நடுவுல உள்ளதுக்கு உள்ளங்கை அளவு அட்டையில அஞ்சு வார்த்த போதும். அக்கா அட்டையில இருந்தது: பேரிங், நான், ஸ்டிக்கர்-பெரியவர், 2 நாள்-1 நாள், மூலை. நம்பர மட்டும் அட்டையில எழுதியே வைங்க, பதட்டத்துல மொதல்ல மாறிப்போறது நம்பர்தான்.

நின்னுக்கிட்டு, சத்தமா, ஃபோன்ல டைமர் வச்சு மூணு தடவ பேசுங்க. உக்காந்து மனசுக்குள்ள படிச்சா எப்பவும் நேரம் கம்மியாத்தான் காட்டும். ரெக்கார்ட் பண்ணி கேக்கறப்ப ரெண்டு விஷயம் கவனிங்க: எங்க நாக்கு தடுக்குது, எங்க குரல் படிக்கிற குரலா மாறுது. தடுக்குற எடத்துல வாக்கியம் உங்களோடது இல்ல, மாத்துங்க. அக்காவுக்கு "ஒப்பீட்டளவில்"னு ஒரு வார்த்தை முதல் டிராஃப்ட்ல இருந்துச்சு, அது நான் போட்டது, மூணு தடவையும் அங்கயே தடுக்குச்சு, தூக்குனோம், சரியாப் போச்சு.

சுருக்கிப் பேசவும் ஒரு தடவ பழகிக்கோங்க. ஈவென்ட்ல எப்பவும் நேரம் தள்ளிப்போகும், மேடைக்குக் கீழ நிக்கிறப்ப ஒருத்தர் வந்து "ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுங்க"ன்னு சொல்லுவாரு. அப்ப வேகமா பேசக்கூடாது, எதை விடணும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அக்கா பேச்சுல விட வேண்டியது முதல் மாசக் கஷ்டத்துல பாதியும், மாசா மாசம் எண்ணுற வரியும். பேரிங், ரெண்டு நாள் ஒரு நாள், மூலை, பெரியவர் இது நாலும் நிக்கணும். பெரியவரோட "இது எதுக்கும்மா"ங்கற வரிய மட்டும் தப்பித்தவறிக்கூட விட்டுடக்கூடாது, அது இல்லாட்டி கடைசி வரி யாருக்கும் புரியாது.

அன்னிக்கு

ஹால்ல ஆள் வர்றதுக்கு முன்னாடி மேடையில ஏறி ஒருதடவ மைக்ல பேசிப் பாத்துடுங்க. கையில பிடிக்கிற மைக்னா வாய்க்கு நேரா, நாலு விரல் தூரத்துல பிடிச்சு, தலைய திருப்புறப்ப மைக்கும் கூடவே திரும்பணும். பேசுறப்ப கை தன்னால கீழ இறங்கும், இறங்குனா பின்வரிசைக்கு கேக்காது. ஸ்டாண்ட் மைக்னா உங்களுக்கு முன்னாடி பேசுனவர் உயரத்துக்கு இருக்கும், பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நிதானமா இறக்கிக்கோங்க, அந்த அஞ்சு செகண்ட யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க.

பின்னாடி திரையில என்ன ஓடும்னும் கேட்டுக்கோங்க. நீங்க பேசுறப்ப அங்க ப்ராடக்ட் விளம்பரம் ஓடுனா கண்ணெல்லாம் அங்கதான் போகும். அக்கா ரெண்டு பேரிங் டப்பாவ பக்கத்துல பக்கத்துல வச்சு ஃபோன்ல ஒரு படம் எடுத்துக் குடுத்தாங்க, ஒண்ணுல ZZ, ஒண்ணுல 2Z, அந்த ஒரே படம் மூணு நிமிஷமும் திரையில நின்னுச்சு.

பேசி முடிச்சு இறங்குனப்புறம் கேள்வியோட ஆள் வருவாங்க. தெரிஞ்சத சொல்லுங்க, விலை, வாரன்டி, மத்த கம்பெனியோட ஒப்பிடறது இதெல்லாம் கம்பெனிக்காரங்க பக்கம் கை காட்டிடுங்க. அக்காகிட்ட வந்தவங்கள்ல ஒருத்தர் கூட சாஃப்ட்வேர் ஸ்கிரீனப் பத்தி கேக்கல. ஸ்டிக்கர் ஒட்ட எத்தன நாள் ஆச்சு, எண்ணெய் பட்ட பொருள்ல ஸ்டிக்கர் நிக்குமா, பெரியவர எப்படி ஒத்துக்க வச்சீங்க, இதத்தான் கேட்டாங்க. எண்ணெய் பட்ட பொருளுக்கு ஸ்டிக்கர பொருள் மேல ஒட்டாம ரேக் விளிம்புலயும் டப்பாலயும் ஒட்டுனோம்னு அக்கா சொன்னப்ப ரெண்டு பேர் அத ஃபோன்ல எழுதிக்கிட்டாங்க.